ஒரு நாள் லீவும் ஊன்றிய கம்பும்

அந்த அறிவித்தலைத் தமிழில் எழுதி ஒட்டியவள் நான்தான். அதனால் இதில் யாரையாவது குறை சொல்வதென்றால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் நான் கிளாக். செக்ரோல் என்று நாங்கள் சொல்லும் பெரிய பதிவேடு என் பொறுப்பு. யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்று தினமும் அதில் ஏற்றுவேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து அதே தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் என்ற மிதப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது. வாய்க்கொழுப்பும் இருந்தது. அது இன்னும் போகவில்லை.

ஒரு நாள் கொழும்பு தலைமை ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மாதவிடாய்க்காக மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்துப் பெண்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. காரணம் எதுவாக இருந்தால் என்ன, வாசித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. என் அம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய இடத்தில் இப்படி ஒரு கடிதமா என்று இரண்டு தடவை வாசித்தேன்.

கடிதத்தின் கடைசி வரியையும் வாசித்தேன். இந்தச் சலுகை நிர்வாகத்தின் விருப்பத்தின்பேரில் வழங்கப்படுகிறது, எந்த நேரத்திலும் மாற்றவோ நிறுத்தவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. எல்லாக் கடிதத்திலும் இப்படி ஒரு வரி இருக்கும் என்று நினைத்து அதையும் அழகாகத் தமிழில் எழுதினேன்.

மேனேஜர் சிங்களவர். லயத்துச் சனங்களுக்கு அவர் 'தொர', எங்களுக்கு 'சார்'. தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்ட மனிதர் இல்லை. அவர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"லீவு வேணும்னா அவங்க எப்படிச் சொல்றது மிஸ்?"

"பெரட்டுலயே சொல்லட்டும் சார். சுகமில்லன்னா அங்கதானே சொல்றாங்க."

பெரட்டு என்றால் காலையில் எல்லாத் தொழிலாளரும் கூடி நிற்கும் இடம். கங்காணிமார், கவ்வாத்து வெட்டும் ஆண்கள், மருந்தடிக்கும் பொடியன்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள். யாருக்கு எந்த மலையில் வேலை என்று அங்கேதான் சொல்வார்கள். தோட்டத்தில் எது கேட்பதென்றாலும் பெரட்டில் கேட்பதுதான் வழக்கம். எனக்கு வேறு இடம் தோன்றவே இல்லை. ஆபீஸ் மூளை அப்படித்தான் வேலை செய்தது. 'லீவு தேவைப்படுவோர் அன்று காலை பெரட்டில் நேரில் தெரிவிக்க வேண்டும்' என்று எழுதி, ஆபீஸ் சுவரிலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டினேன். செக்ரோலில் அதற்கென்று தனிக் கட்டம்கூடக் கோடு போட்டு வைத்தேன்.

அந்தக் கட்டம் மூன்று மாதம் வெறுமையாகவே கிடந்தது. முதல் மாதம் கூச்சம் என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் கோபம் வந்தது. நல்லது செய்தாலும் எடுத்துக்கொள்ளத் தெரியாத சனம் என்று மனசுக்குள் திட்டினேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம் மாத முடிவில் மேனேஜர் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் எடுக்காத லீவு எதற்கு என்று. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நான் ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுக்க வேண்டும், தேவையில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

"நிறுத்த ஏலுமா சார்?" என்றேன்.

"ஏலும்தானே. சட்டம் சொல்லிக் குடுத்ததில்ல, நாங்க விரும்பிக் குடுத்தது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குடுத்ததை அவர்கள் எப்படிப் பிடுங்கலாம் என்ற கோபத்தில் அந்தச் சனிக்கிழமையே டயகமயிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி ஹட்டனுக்குப் போனேன். தொழில் திணைக்களத்தில் வேலை செய்த ஒரு பெண் அதிகாரி எனக்குப் பழக்கம். என்னோடு பாடசாலையில் படித்தவளின் அக்கா. வீட்டில் வைத்தே பேசினோம். நான் சண்டை பிடிக்கிற தோரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"பிரசவ லீவுன்னா சட்டம் இருக்கு. தோட்டத்துக்கும் அது கட்டாயம், குடுக்கலன்னா வழக்கு வைக்கலாம். ஆனா மாசா மாசம் வர்றதுக்கு நம்ம நாட்டுல சட்டம் இல்லம்மா. கம்பனி விரும்பினாக் குடுக்கலாம், விரும்பாட்டி விடலாம். குடுத்ததுக்காக யாரும் தடுக்கவும் மாட்டாங்க, குடுக்கலன்னு யாரும் கேக்கவும் மாட்டாங்க."

"அப்ப ஒண்ணும் செய்ய ஏலாதா?"

"ஒரு வழி இருக்கு. தொழிற்சங்கமும் கம்பனியும் கூட்டு ஒப்பந்தமா எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது தொழில் ஆணையாளர் நாயகத்துக்குப் போயி, அரசாங்க வர்த்தமானில வந்துச்சுன்னா அதுக்குப் பொறகு அது கட்டுப்படுத்தும். விலகணும்னாக்கூட முறையா அறிவித்தல் குடுக்கணும், நெனச்ச அன்னைக்குக் கிழிச்சுப் போட முடியாது. ஆனா கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் கம்பனி கையப் பிடிக்க ஏலாது. தேவை இருக்குன்னு நீங்கதான் காட்டணும்."

தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. காட்டிவிடலாம் என்று எனக்குத் தெம்பாகவே இருந்தது, ஏனென்றால் நிறுவைப் புத்தகங்கள் என் அலமாரியில்தான் இருந்தன. கொழுந்தை ஒரு நாளில் மூன்று தரம் நிறுப்பார்கள். யார் எத்தனை கிலோ என்று கணக்கப்பிள்ளை எழுதி அனுப்புவார். வலி வந்தால் கை ஓடாது, கை ஓடாவிட்டால் கிலோ குறையும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிலோ விழுந்திருக்கும், அதை எடுத்துக் காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

என் அண்ணியின் பெயரில்தான் தொடங்கினேன். அண்ணனின் பெஞ்சாதி, லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, காம்பரா என்போம். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டிதான். அதனால் அண்ணிக்கு எந்த நாள் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் விடியற்காலையில் அவர் தலையணையை வாயில் கவ்விக்கொண்டு முனகுவது தட்டி வழியாகக் கேட்கும். சில நாள் வாந்தி எடுப்பார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, சுவரைப் பிடித்து எழும்பி, செடி கிழிக்காமல் கட்டும் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போவார். அந்த நாட்களில் அவருக்கு அரைப் பேர்கூட விழுந்திருக்க நியாயமில்லை.

புத்தகத்தில் முழுப் பேர் இருந்தது. அதுவும் நிர்ணயித்த கிலோ அச்சொட்டாக, ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த மாதம் பார்த்தேன், அதே மாதிரி. அதற்கு முந்தைய மாதமும் அதே. மற்ற நாட்களில் அண்ணி கொழுந்தெடுப்பில் புலி, நிர்ணயத்துக்கு மேல் ஐந்தாறு கிலோ போட்டு அதற்குத் தனியாகக் காசு வாங்குகிறவர். அந்த மூன்று நாளில் மட்டும் வரையறுத்த மாதிரி முழுப் பேர் விழுந்திருந்தது.

பிறகு அண்ணியின் கொத்தில், அதாவது ஒரே கங்காணியின் கீழ், வேலை செய்யும் மற்றப் பதின்மூன்று பெண்களின் கிலோவையும் பக்கத்தில் எழுதினேன். அண்ணிக்கு அச்சொட்டாக விழுந்த நாட்களில் மற்ற எல்லாருக்கும் வழக்கமாக வருவதில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. வேறு நாட்களில் வேறொருத்திக்கு அச்சொட்டு, அப்போது அண்ணிக்கும் மற்றவர்களுக்கும் குறைவு. பதினான்கு பேருக்கும் இப்படி மாறி மாறி வந்தது. பழைய புத்தகங்களை இழுத்துப் போட்டேன். போன வருசமும், அதற்கு முந்திய வருசமும், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் வேறு கையெழுத்தில் இருந்த புத்தகத்திலும் அப்படியே இருந்தது.

இத்தனை வருசமாக இந்த எண்களை என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு மலைக்குப் போனேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணி முனகிய நாள்தான் அது. ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேல் ரோட்டில் ஒரு மரத்துப் பக்கம் நின்று பார்த்தேன். அண்ணிக்கு ஆகக் கீழ் நிரை, வண்டிப் பாதையை ஒட்டி, ஏற்றம் இல்லாத இடம். அங்கேயும் அவர் நிற்கவில்லை. செடிக்கு மறைவில் குந்தி இருந்தார். நிரையின் தலையில் அவருடைய மட்டக்கம்பு செங்குத்தாக ஊன்றியிருந்தது. செடிக்கு மேலே படுக்கப் போட்டு மட்டம் பார்த்துக் கொழுந்தெடுப்பதற்கான கம்பு அது. யாரும் அதை மண்ணில் ஊன்றி நான் பார்த்ததில்லை.

மேல் நிரையை முடித்த ஒரு பெண் கூடையோடு கீழே இறங்கினாள். கம்பைக் கடக்கும்போது கூடைக்குள் கையை விட்டு இரண்டு பிடி கொழுந்தை அள்ளி அண்ணியின் கூடையில் போட்டுவிட்டு அடுத்த நிரைக்கு ஏறிப் போய்விட்டாள். நிற்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அண்ணியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்தாள். பிறகு அண்ணியோடு தண்ணி பிடிக்கும் பீலியில் சண்டை போட்டு இரண்டு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தி வந்தாள். இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று நான் நின்றேன். அவள் மூன்று பிடி போட்டாள்.

கங்காணி பக்கத்தில்தான் இருந்தார். அந்தப் பெண்கள் கீழே இறங்கும்போதெல்லாம் அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மலையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலில் சாமி தூக்கும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு நடுங்கியதில்லை. நான் கோடு போட்டு வைத்த கட்டம் நினைவுக்கு வந்தது. நான் எழுதி ஒட்டிய காகிதத்தை விட எவ்வளவோ பழைய ஒரு லீவு அந்த மலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவும் இல்லை, யாரும் எழுதவும் இல்லை.

பின்னேரம் வேலை முடிந்து அண்ணி வாசலில் கால் கழுவும்போது போய் நின்றேன்.

"நான் பாத்துட்டேன் அண்ணி."

அவர் நிமிரவில்லை. "பாத்தாப் பாத்ததுதான். அத வச்சு என்ன செய்யப் போற?"

"நோட்டீஸ் போட்டமே, அந்த லீவ ஏன் எடுக்கல?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏன்டி, அம்பது ஆம்பளைக்கி முன்னுக்கு நின்னு, 'எனக்குத் தீட்டு, லீவு தாங்க'ன்னு கேக்கணும்னு எழுதினானே ஒரு புத்திசாலி, அது யாரு? மருந்தடிக்கிற பொடியனுங்க மாசம் பூரா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவா?"

"நான்தான் எழுதினேன்."

"தெரியும். ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் ஒண்ணும் சொல்லாம இருந்தேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கம்பைப் பற்றிக் கேட்டேன். அவர் கல்யாணம் முடித்து இந்தத் தோட்டத்துக்கு வந்தபோதே அது இருந்ததாம். முடியாதவள் கம்பை ஊன்றுவாள், கங்காணி அவளுக்குக் கீழ் நிரை கொடுப்பார், கடக்கிறவள் போட்டுவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

"போடாமப் போனா?"

"போகலாமே. யாரு கேக்கப் போறா?" கால் கழுவிய செம்பை ஓரமாக வைத்தார். "ஆனா அப்பிடி யாரும் போனதில்ல, புள்ள."

ஹட்டன் அதிகாரி சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தான். விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதே வார்த்தைகளை வைத்துக்கொண்டு கம்பனி மூன்றே மாதத்தில் கைவிடப் பார்த்தது. இந்தப் பெண்கள் எத்தனை வருசம் என்று அவர்களுக்கே தெரியாத காலமாக ஒரு நாளும் விடவில்லை. தங்களுக்கு மேலதிகக் கிலோவுக்குக் கிடைக்க வேண்டிய காசிலிருந்துதான் ஒவ்வொரு பிடியும் போயிருக்கிறது.

ஆனால் சிக்கலும் அதில்தான் இருந்தது. ஒருத்தி எடுத்த கொழுந்தை இன்னொருத்தியின் பெயரில் நிறுப்பது தோட்டத்தில் குற்றம். பிடிபட்டால் அன்றைய பேரை வெட்டுவார்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள், அதற்கு மேலும் போகலாம். தேவை இருக்கிறது என்பதற்கு என் கையில் இருந்த ஒரே அத்தாட்சி, பதினான்கு பெண்களையும் மாட்டிவிடுகிற அத்தாட்சி. காட்டாவிட்டால் லீவு போய்விடும். காட்டினால் கம்பு போய்விடும், கம்பு போனால் அண்ணிக்கு மாதம் மூன்று நாள் மலையில் கதி இல்லை. அறிக்கையை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். வியாழக்கிழமை அண்ணியிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவே இல்லை. "நீ ஒண்ணும் எழுதாத. நாங்க பேசிக்கிறோம்."

கிழமைக்கு ஒரு பின்னேரம் மேனேஜர் ஆபீசில் தொழிலாளர்களின் குறை கேட்பார், அதை லேபர் டே என்போம். எங்கள் தோட்டத்தில் அது வெள்ளிக்கிழமை. அன்று பின்னேர நிறுவை முடிந்ததும் பதினான்கு பேரும் படங்கை அவிழ்க்காமல், கூடையும் கம்புமாக ஆபீஸ் முற்றத்தில் வந்து நின்றார்கள். சங்கத் தலைவர் முன்னால் நின்றார். மேடையில் ஏறினால் மைக்கை விடாத மனிதர். மேனேஜருக்கு முன்னால், "சார், இது வந்து... பொம்பளைங்க விசயம்... அந்த லீவு..." என்றதோடு அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அண்ணி அவரைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தார். நான் என் மேசையில் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தொர, ஒங்க நோட்டீசப் பாத்து யாரும் லீவு கேக்கலன்னு அத நிறுத்தப் போறீங்களாம். பெரட்டுல ஆம்பளைங்களுக்கு முன்னுக்கு எங்களால கேக்க முடியல, அதான் கேக்கல. தேவயில்லாம இல்ல. மாசம் மூணு நாளு எனக்கு நிக்க முடியாது. அந்த மூணு நாளும் எனக்கு விழுற பேரு என் கொழுந்துல விழுறதில்ல. இவங்க போடுற கொழுந்துல விழுறது. அது குத்தம்னு தெரியும். வெட்டுறதுன்னா என் பேர வெட்டுங்க."

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "எனக்கும் அப்பிடித்தான் தொர." அது தண்ணிப் பீலிச் சண்டைக்காரி. அடுத்து இன்னொருத்தி, "எனக்கும்." போன வருசம்தான் வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையும் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள். பெரட்டில் வாய் திறக்க வெட்கப்பட்ட அதே பெண்கள், மேனேஜருக்கும் அவருக்கு உதவியான சின்னத் தொரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் ஒவ்வொருத்தியாகச் சொல்லி முடித்தார்கள். ஒருத்தியைக் காப்பாற்றுவதற்கு என்றதும் அந்த வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. பதினான்காவது குரல் கேட்டபோது எனக்கு எழும்பி நிற்க வேண்டும் போல இருந்தது. எழும்பி நின்றேன்.

மேனேஜர் கெட்டிக்காரர். ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நீங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் பாத்துக்கிறீங்கதானே. பொறகு எதுக்குத் தோட்டம் லீவு குடுக்கணும்?"

எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. அண்ணிக்கு விழவில்லை.

"நாங்க குடுக்கிறது எங்க கொழுந்து, தொர. இத்தன வருசத்துல அதுல தோட்டத்துக்கு ஒரு எலகூடக் கொறயல. எங்களையும் யாரும் குடுக்கச் சொல்லல. நாங்களும் நெனச்ச நேரம் நிறுத்தலாம். ஆனா அப்பிடி நாங்க எங்கயும் எழுதி ஒட்டல."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, நிறுவை விசயம் தனக்குத் தெரியாது, யாரும் தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றார். கங்காணி எதிர் மலையைப் பார்த்த மாதிரிதான் அதுவும்.

அடுத்த கிழமை புது அறிவித்தல் எழுதினேன். லீவு தொடரும். பெரட்டில் கேட்கத் தேவையில்லை. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பெண்ணிடம் சொன்னால் போதும், அவர் தினமும் காலையில் ஆபீசுக்கு அனுப்பும் துண்டிலேயே பெயரை எழுதிவிடுவார். காரணம் எழுத வேண்டாம். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி நானும் தலைவரும் கெஞ்சிப் பார்த்தோம். அது தன் கையில் இல்லை, கொழும்புதான் முடிவெடுக்க வேண்டும் என்றார் மேனேஜர். அதனால் நிர்வாகத்தின் விருப்பம், எந்த நேரத்திலும் நிறுத்தலாம் என்று மறுபடியும் என் கையாலேயே எழுதினேன். கூட்டு ஒப்பந்தத்துக்கென்று சங்கம் எழுதி அனுப்பிய வரைவுக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

அடுத்த மாதம் துண்டில் வந்த முதல் பெயர் அண்ணியுடையது. செக்ரோலில் அவருக்கு முழுப் பேர் போட்டேன், கிலோவுக்கு உரிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். இத்தனை வருசத்தில் கொழுந்து இல்லாமல் அவருக்கு ஒரு பேர் விழுந்தது அன்றுதான். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது தட்டிக்கு அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம் கேட்டது. சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

ஆனால் லீவு ஒரு நாள்தான், அண்ணிக்கு வலி மூன்று நாள். இரண்டாம் நாள் பகல் நேரத்தில் நான் ஐந்தாம் நம்பர் மலைக்கு நடந்தேன். கீழ் நிரையின் தலையில் கம்பு ஊன்றியிருந்தது. ஆபீஸ் செருப்போடு நிரைக்குள் இறங்கி, கைக்கு அகப்பட்டதைப் பறித்து, இரண்டு பிடி கொண்டுபோய் அண்ணியின் கூடையில் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அண்ணி குந்தியிருந்தபடியே கூடைக்குள் கையை விட்டு நான் போட்டதை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். முற்றல் இலையும் காம்பும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே எறிந்தார். மிஞ்சியது நாலைந்து தளிர்தான். அதை மட்டும் கூடையில் போட்டார்.

"குடுக்கிறதுன்னா நல்ல கொழுந்தாக் குடு, புள்ள," என்றார். "இல்லன்னா குடுக்காத."

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் நிரைக்குள் இறங்கினேன்.